கிணறு ஆழப்படுத்தும் செலவுக்கு மாதவாரிச் சேமிப்பு

கிணற்றை ஆழப்படுத்தும் வேலைக்கு ஆண்டில் ஒரே பருவந்தான் உண்டு. பங்குனி கடைசியில் ஊற்று வற்றி அடித்தளம் கண்ணுக்குத் தெரியும் நாள் முதல், வைகாசி பிற்பகுதியில் மழை தொடங்கும் நாள் வரையில் உள்ள ஏழெட்டு வாரங்களே அதற்கு உரிய காலம். அதற்கு முன் தொடங்கினால் நீர் இறைப்பதிலேயே பணம் கரையும். பின்னால் தொடங்கினால் பாதி வேலையில் ஊற்று ஏறிவிடும். வாய்க்கால் பாசனத்தை ஒட்டிய கிணறுகளில் ஆடி, ஆவணியில் வாய்க்காலுக்கு நீர் விட்டதும் கசிவும் சேர்ந்துகொள்ளும். ஆகவே இந்தச் செலவுக்குரிய வாய்தாவைக் குடியானவர் தம் விருப்பம்போல் தள்ளிப்போட இயலாது. பங்குனி மாதம் 30-ந் தேதியன்று பணம் கையில் இருக்க வேண்டும். இல்லையேல் இன்னும் ஒரு முழு ஆண்டு காத்திருக்க வேண்டும், அல்லது கடன் வாங்க வேண்டும்.

அநேகர் கடன் வாங்குவதையே தேர்ந்தெடுக்கிறார்கள். கையில் பணம் இல்லாததைவிட, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கணக்குப் போடாததே இதற்குக் காரணம். 2,70,000 ரூபாயைத் தனியாரிடம் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டிக்கு வாங்கினால், வட்டி மாத்திரம் மாதம் 5,400 ரூபாய் ஆகும். அசலில் ஒரு காசும் குறையாது. இரண்டு கறவை மாடு வைத்திருக்கும் வீட்டில், தீவனச் செலவு போக மாதந்தோறும் மிஞ்சும் பால் பணத்தின் பெரும்பகுதி இதற்கே போய்விடும். இதே பணத்தை முன்கூட்டியே ஒதுக்கினால் கிணற்றுச் செலவில் ஏறக்குறைய பாதியை அதுவே தாங்கும் என்பதைக் கீழே வரும் கணக்கில் காணலாம்.

முதலாவதாகத் தேவையான தொகையைத் தீர்மானிக்க வேண்டும். "சுமார் இரண்டு, மூன்று லட்சம் ஆகும்" என்பது கணக்கு ஆகாது. ஈரோடு மாவட்டத்தில் நான்கு ஏக்கர் தோட்டக்கால் வைத்திருக்கும் ஒரு குடியானவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அவருடைய வட்டக் கிணற்றின் விட்டம் 20 அடி. அதை 10 அடி ஆழப்படுத்த எண்ணுகிறார். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, வந்ததை 11-ஆல் பெருக்கி 14-ஆல் வகுத்தால் கிணற்றின் பரப்பு கிடைக்கும். 20 அடி விட்டத்திற்கு அது 314 சதுர அடி. எனவே ஓர் அடி ஆழத்திற்கு 314 கன அடியும், 10 அடிக்கு 3,140 கன அடியும் பாறை எடுக்க வேண்டும். நூறு கன அடி ஒரு யூனிட் என்பது வழக்கமாதலால் இது 31 யூனிட்டுக்குச் சிறிது மேல். 32 என்று வைத்துக்கொள்ளலாம்.

யூனிட் ஒன்றுக்குக் கூலி ஊருக்கு ஊர், பாறைக்குப் பாறை வேறுபடும். கம்ப்ரசர் வைத்துத் துளையிட்டு, உரிமம் பெற்றவரைக் கொண்டு வெடி வைத்து, கிரேனால் கல்லை மேலேற்றிக் கரையில் கொட்டுவது வரை ஒப்பந்தக்காரர் 6,000 ரூபாய் கேட்கிறார் என்று கணக்கின் பொருட்டு வைத்துக்கொள்வோம். 32 யூனிட்டுக்கு 1,92,000 ரூபாய். ஊறும் நீரை இறைக்க 20,000. மோட்டார் மேடையை இறக்கிக் கட்டவும், கூடுதல் குழாய்க்கும், கேபிளுக்கும் 28,000. ஆகக் கூடுதல் 2,40,000.

கடைசியாகச் சொன்ன இனத்தை மறப்பவர் பலர். கிணற்றினுள் மேடையில் அமர்த்திய மோட்டார் பம்பு, தனக்குக் கீழே ஏறத்தாழ 20 அடி ஆழத்திலிருந்துதான் நீரை நன்றாக உறிஞ்சும். கிணறு 10 அடி இறங்கினால் நீர்மட்டமும் இறங்கும். மேடை பழைய இடத்திலேயே இருந்தால், தோண்டிய ஆழத்தில் ஊறும் நீர் பம்புக்கு எட்டாமலே நிற்கும். நீர்மூழ்கி மோட்டாருக்கு மாறுவதானால் அதன் விலையையும் இப்போதே சேர்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம் ஒப்பந்தத்தைப் பற்றியது. உடைத்த பாறை கரையில் குவியும்போது இடைவெளி விழுந்து, கிணற்றுக்குள் இருந்ததைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். கிணற்றளவில் 31 யூனிட் என்பது குவியலளவில் 47 யூனிட் ஆகிவிடும். எந்த அளவின்படி கூலி என்று பேசாமல் விட்டால், 6,000 ரூபாய் வீதத்தில் தோண்டு கூலி மாத்திரமே 2,82,000 ரூபாய்க்குப் போய், இரண்டு ஆண்டுச் சேமிப்பும் போதாமற்போகும். ஆகையால் விலை கேட்கும் முதல் நாளிலேயே, கிணற்றின் அளவுப்படியா, குவியலின் அளவுப்படியா என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த 2,40,000-உடன், இரண்டு ஆண்டில் கூலி ஏறக்கூடியதற்கும் எதிர்பாராத கெட்டிப் பாறைக்குமாக எட்டில் ஒரு பங்கு, அதாவது 30,000 ரூபாய் சேர்த்தால் குறித்த தொகை 2,70,000 ஆகிறது. சேமிப்பின்மேல் கிடைக்கும் வட்டியை இதில் கழிக்கக் கூடாது. அதைத் தனியே விட்டுவைப்பதே நலம்.

இனி வாய்தா. நமது குடியானவர் ஆனி மாதத்தில் தொடங்குகிறார். அந்த ஆண்டின் பங்குனி வரை 10 மாதம், அடுத்த ஆண்டின் பங்குனி வரை இன்னும் 12 மாதம். ஆக 22 மாதம். 2,70,000-ஐ 22-ஆல் வகுத்தால் மாதம் 12,273 ரூபாய். மாதச் சம்பளம் வாங்கும் உத்தியோகஸ்தருக்கு இந்த வகுத்தலோடு வேலை முடிந்தது. குடியானவருக்கு அவ்வாறு முடியாது. ஆடியில் அவர் கையிலிருந்து பணம் வெளியே போகிறதேயன்றி உள்ளே வருவதில்லை. விதைக்கடலை, உழவுக்கூலி, உரம் எல்லாம் அம்மாதத்துச் செலவு. அந்த மாதத்திலும் 12,273 கட்டுவதென்று தீர்மானித்தவர் ஆடியிலோ ஆவணியிலோ தவறிவிடுவார். தவறியதும் திட்டமே பொய்யென்று எண்ணி, அதுவரை சேர்ந்ததையும் எடுத்துச் செலவழித்துவிடுவார். ஆகவே குடியானவரின் தவணை சமமாக இருக்கலாகாது. அது வரவை அனுசரித்து ஏறி இறங்க வேண்டும்.

அவருடைய வரவுகள் நான்கு. இரண்டு கறவை மாடுகள்; வரப்போரமும் கிணற்றோரமுமாக 60 தென்னை; ஆடியில் விதைத்துக் கார்த்திகையில் விற்கும் இரண்டு ஏக்கர் நிலக்கடலை; வைகாசியில் நட்டு மாசியில் வெட்டி, வேகவைத்து உலர்த்திப் பங்குனியில் மண்டிக்குப் போகும் அரை ஏக்கர் மஞ்சள். இவை ஒவ்வொன்றிலும் சாகுபடிச் செலவும் வீட்டுச் செலவும் போக எவ்வளவு ஒதுக்கலாம் என்பதைத் தனித்தனியே தீர்மானிக்க வேண்டும்.

பாலில் தொடங்குவோம். இரண்டு மாடும் கறக்கும் மாதத்தில் 6,500 ரூபாய் ஒதுக்க அவரால் இயலும். ஒன்று வற்றியிருக்கும் மாதத்தில் 3,500-க்கு மேல் இயலாது. கன்று ஈனுவதற்கு முன் இரண்டு மாதம் மாட்டைக் கறவாமல் வற்றவிடுவது அவசியம். தவணைக்குப் பணம் வேண்டுமென்று அந்த மாதங்களிலும் கறந்தால், மாடு நலிந்து அடுத்த ஈற்றுக் கறவை குறையும், அடுத்த ஆண்டின் தவணையும் அதோடு குறையும். 22 மாதத்தில் ஒரு மாடு மாத்திரம் கறக்கும் மாதங்கள் 7 என்று, ஈனும் தேதிகளைப் பார்த்து அவர் கணக்கிடுகிறார். எனவே 15 மாதத்திற்கு 6,500 வீதம் 97,500. 7 மாதத்திற்கு 3,500 வீதம் 24,500. ஆகப் பால் வகையில் 1,22,000 ரூபாய்.

தென்னையில் இரண்டு மாதத்துக்கு ஒரு வெட்டு. ஆடி, புரட்டாசி, கார்த்திகை, தை, பங்குனி, பின்னர் வைகாசி என்று தொடர்ந்து 22 மாதத்தில் 11 வெட்டு விழும். காய் விலை மிகவும் ஏறி இறங்குவதால் வெட்டு ஒன்றுக்கு 4,000 மாத்திரம் எடுத்துக்கொள்கிறார், 44,000 ரூபாய். நிலக்கடலை இரண்டு கார்த்திகையிலும் 30,000 வீதம் 60,000. முதலாண்டு மஞ்சளில் 44,000. எல்லாம் கூட்டினால் 2,70,000 சரியாக நிற்கிறது.

இரண்டாம் ஆண்டு மஞ்சளை இதில் சேர்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த மஞ்சள் விற்கும் மாதமும் வாய்தா மாதமும் ஒன்றே. மாசியில் மேகமூட்டத்தால் உலர்த்துவது பத்து நாள் தாமதித்தாலும், மண்டியில் விலை தணிந்திருந்தாலும், பணம் சித்திரைக்குத் தள்ளிவிடும். அதற்குள் ஒப்பந்தக்காரர் கிரேனை வேறு கிணற்றுக்குக் கொண்டுபோய்விடுவார். வாய்தாவுக்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் விற்று முடியாத எந்த விளைபொருளையும் திட்டத்தில் எண்ணக் கூடாது. வந்தால் அது தலைமேல் நிற்கும் கையிருப்பாகட்டும்.

கடலைப் பணத்தில் 30,000 என்று எழுதுமுன் அடுத்த ஆண்டின் விதையை ஒதுக்கிவிட வேண்டும். ஏக்கருக்குப் பருப்பாக ஏறத்தாழ 50 கிலோ விதை தேவைப்படும் பயிர் இது. எல்லாவற்றையும் விற்றுச் சேமிப்பில் போட்டுவிட்டு, ஆடியில் விதைக்கடலைக்காக அதே சேமிப்பை உடைப்பது பலருடைய அனுபவம். விதைக்காய் முதலில் மூட்டையில் கட்டப்பட வேண்டும். அதன் பிறகு மிஞ்சியதே விற்பனைக்குரியது. விலை ஏறட்டும் என்று விற்பனைக் காயையும் வீட்டிலேயே வைத்திருப்பதைச் சேமிப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். காய் உலர உலர எடை குறையும், வண்டு விழும், ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்து விலை போகாது. மாதம் தவறாமல் குறைந்துகொண்டே வரும் பொருளை மூலதனமாக எண்ணுவது தவறு.

இவ்வாறு வரவை ஒட்டி ஏற்படுத்திய திட்டத்தில், சரியாகப் போகிறோமா இல்லையா என்பதை மாதத்துக்கு மாதம் பார்த்து அறிய முடியாது. ஐப்பசி முடிவில் ஐந்து மாதம் ஆகியிருக்கும். சமத் தவணைக்காரரின் கணக்குப்படி அன்று 61,000 ரூபாய்க்கு மேல் சேர்ந்திருக்க வேண்டும். நமது குடியானவரிடமோ, இரண்டு வெட்டுத் தேங்காயும், இரண்டு வற்றுமாதம் உட்பட ஐந்து மாதப் பாலும் சேர்ந்து 34,500 தான் இருக்கும். ஏறத்தாழ 27,000 குறைவு. இதைக் கண்டு அவர் மனம் தளர வேண்டியதில்லை. கார்த்திகையில் கடலை விற்றதும் கணக்கு சமன்படும்.

ஆகவே நான்கு இடங்களில் மாத்திரம் குறி வைத்துக்கொண்டால் போதும். முதல் கார்த்திகை முடிவில் 75,000. முதல் பங்குனி முடிவில் 1,50,000. இரண்டாம் கார்த்திகை முடிவில் 2,39,000. இரண்டாம் பங்குனியில் 2,70,000. ஒரு சிறு நோட்டில் மாதத்துக்கு ஒரு வரியாக, ஒதுக்க வேண்டியது, ஒதுக்கியது, அதுவரை சேர்ந்தது என்று மூன்று பத்திகள் இழுத்து, இந்த நான்கு மாதங்களுக்கு எதிரே குறித்த தொகையைச் சிவப்பு மையால் முன்னதாகவே எழுதிவைக்கலாம். பெரும்பாலான வீடுகளில் பால் கணக்கு பெண்கள் கையில் இருப்பதால், இந்த நோட்டும் அவர்களிடம் இருப்பதே உசிதம். அவர்களைக் கேளாமல் பால் பணத்தில் 6,500 என்று ஆண்மக்கள் திண்ணையில் உட்கார்ந்து எழுதும் திட்டம் மூன்றாம் மாதம் தாண்டுவதில்லை.

பணத்தை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. இதில் வாய்தாவே வழிகாட்டியாக இருக்க வேண்டும். தபாலாபீஸின் தொடர் வைப்பு நம்பகமானதே. ஆனால் அது 60 மாதத் தவணைக்கு உரியது, மூன்று ஆண்டு முடிவதற்கு முன் கணக்கை மூட இயலாது. 22 மாதத்தில் வேண்டிய பணத்தை அதில் போட்டவர், சேமித்தும் கடன் வாங்க நேரிடும். வங்கிகளிலும் கூட்டுறவு வங்கிகளிலும் வேண்டிய மாதங்களுக்குத் தொடர் வைப்பு தொடங்கலாம். அங்கே 22 தவணைக்கு ஒரு கணக்கை ஆனி முதல் வாரத்தில் தொடங்கினால், அது சித்திரை முதல் வாரத்தில் முதிர்ந்து கைக்கு வரும்.

தொடர் வைப்பின் தவணையாக 6,500-ஐ எழுதிக்கொடுக்க வேண்டாம். மாடு வற்றிய மாதத்தில் கட்டக்கூடிய 3,500-ஐயே எழுத வேண்டும். தவறிய தவணைக்கு அபராதம் உண்டு. பல தவணை தவறினால் கணக்கே நின்றுபோகலாம். இவ்விதம் 22 மாதத்தில் 77,000 ரூபாய் தொடர் வைப்பில் சேரும். இரண்டு மாடும் கறக்கும் மாதத்தில் மிஞ்சும் 3,000-உம் தேங்காய்ப் பணமும் சாதாரண சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். மாசியில் ஒப்பந்தக்காரருக்கு முன்பணம் கொடுக்க வேண்டியது இதிலிருந்தே. பால் பணம் வங்கிக் கணக்கில் வரும் இடங்களில், மாதத்தின் ஒரு குறித்த தேதியில் 3,500-ஐ வங்கியே தொடர் வைப்புக்கு மாற்றும்படி எழுதிக்கொடுத்துவிட்டால், கைக்கு வந்து கரையும் அபாயம் குறையும்.

கடலையிலும் மஞ்சளிலும் ஒரே தடவையாக வரும் தொகைகளுக்குக் காலக்கெடு வைப்பு ஏற்றது. முதல் கார்த்திகையில் வந்த 30,000-ஐ ஓர் ஆண்டுக்குப் போட்டால் அடுத்த கார்த்திகையில் முதிரும். அதில் சிக்கல் இல்லை. மஞ்சள் பணத்தில்தான் எச்சரிக்கை வேண்டும். முதல் பங்குனியில் விற்க வேண்டிய மஞ்சள் சித்திரை 20-ந் தேதி விற்றது என்று வைத்துக்கொள்வோம். அன்று 44,000-ஐ ஓர் ஆண்டு வைப்பில் போட்டால், அது மறு சித்திரை 20-ல்தான் முதிரும்; கிணற்று வேலை தொடங்கி மூன்று வாரம் ஆகியிருக்கும். முன்னதாக மூடினால் வட்டி குறையும். அந்த நிலையில், மாசி முடிவில் முதிரும்படி நாட்களை எண்ணிக் குறைந்த காலத்திற்குப் போடுவதே சரி. தபாலாபீஸின் காலக்கெடு வைப்பில் ஓர் ஆண்டுக்குக் குறைந்த கால வகை கிடையாது என்பதையும், ஆறு மாதத்திற்குள் எடுக்க முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இரண்டாம் கார்த்திகைக் கடலைப் பணத்திற்கு நான்கு மாதமே இருப்பதால் அது சேமிப்புக் கணக்கிலேயே இருக்கலாம்.

சீட்டுப் பிடிப்பவர்களும் உண்டு. 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யப்பட்ட சீட்டானால் அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் ஏலச் சீட்டில் பணம் நமக்கு வேண்டிய மாதத்தில் விழும் என்பது நிச்சயமில்லை. பங்குனியில் எடுத்தே ஆகவேண்டும் என்ற அவசரம் உள்ளவர் மிகுந்த தள்ளுபடிக்கு ஏலம் கேட்க வேண்டிவரும். பங்குனியில் பலருக்கும் அதே அவசரம் இருக்கும். குறித்த தேதியில் வேண்டிய பணத்திற்கு இது பொருத்தமான வழியன்று.

இடையில் வரும் முதல் கோடையை வீணாக்கலாகாது. 22 மாதத் திட்டத்தில் பதினோராம், பன்னிரண்டாம் மாதங்கள் சித்திரையும் வைகாசியும் ஆகும். அப்போது கிணற்றின் அடி தெரியும். ஊற்று எந்தப் பக்கத்து வெடிப்பிலிருந்து வருகிறது, எவ்வளவு நேரத்தில் எத்தனை அடி ஊறுகிறது என்பதை அளந்து எழுதிவைக்க வேண்டும். அடித்தளத்தில் ஓரிரு இடங்களில் சோதனைத் துளை போட்டுக் கீழே பாறை இளகியதா, ஒரே கெட்டிப் பாறையா என்று பார்ப்பதும், சுற்றுவட்டத்துக் கிணறுகள் எந்த ஆழத்தில் நீர் கண்டன என்று விசாரிப்பதும் இக்காலத்தில்தான் இயலும். 10 அடியும் வெடிப்பில்லாத பாறை என்று தெரிந்தால், ஆழப்படுத்துவதை விட்டுப் பக்கவாட்டில் சைடு போர் போடுவதைப் பற்றி நிபுணரை விசாரிக்கலாம், செலவும் குறையக்கூடும். 2,70,000 சேர்த்த பிறகு இதைத் தெரிந்துகொள்வதைவிட 1,50,000 சேர்ந்த நிலையில் தெரிந்துகொள்வது மேல். அதே சமயத்தில் கூலி வீதத்தையும் மறுபடி விசாரிக்க வேண்டும். யூனிட்டுக்கு 6,500 ஆகிவிட்டதென்றால் 32 யூனிட்டுக்கு 16,000 கூடும். நாம் சேர்த்துவைத்த 30,000 அதைத் தாங்கும். 7,000-க்கு ஏறினால் 32,000 கூடுகிறது. அப்போது குறித்த தொகையையே திருத்தி, எஞ்சிய தவணைகளைச் சிறிது கூட்ட வேண்டும்.

இனி, மழை பொய்த்துக் கடலை கைவிட்டால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு விடை இல்லாத சேமிப்புத் திட்டம் குடியானவருக்கு உதவாது. முதல் கார்த்திகையில் 75,000 இருக்க வேண்டிய இடத்தில் 45,000 தான் இருக்கிறது என்று கொள்வோம். பற்றாக்குறை 30,000. இதை ரூபாயாகப் பாராமல் அடியாகப் பார்க்க வேண்டும். ஓர் அடி ஆழத்திற்கு 314 கன அடி, அதாவது 3 யூனிட்டுக்குச் சிறிது மேல். கூலி ஏறத்தாழ 19,000. ஆகவே 30,000 ரூபாய்ப் பற்றாக்குறை என்பது ஒன்றரை அடி ஆழத்திற்குச் சமம். அது எந்த வகையிலும் ஈடு செய்யப்படாமலே போனாலும் கிணறு எட்டரை அடி இறங்கும். எட்டரை அடியில் எதிர்பார்த்த வெடிப்பு வந்துவிடுமென்று சோதனைத் துளை காட்டினால், வேலையைக் குறித்த காலத்திலேயே செய்வது நலம். இரண்டு ஆண்டும் கடலை தவறிப் பற்றாக்குறை 60,000 ஆனால் மூன்றடிக்கு மேல் குறையும். ஏழடியில் நிறுத்தி, சில ஆண்டு கழித்து மறுபடி மூன்றடி தோண்டுவது வீண்செலவு. கிரேனும் கம்ப்ரசரும் கொண்டுவந்து நிறுத்தும் கூலியும் நீர் இறைக்கும் செலவும் இருமுறை ஆகும். அந்த நிலையில் இரண்டாம் ஆண்டு மஞ்சள் விற்றுக் குறையை நிரப்பினாலன்றி, ஓர் ஆண்டு தள்ளிப்போடுவதே தகும். அல்லது எஞ்சிய தொகைக்கு மாத்திரம் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ கடன் கேட்கலாம். 2,10,000 கையில் வைத்துக்கொண்டு 60,000 கேட்பவருக்கும், வெறுங்கையோடு 2,70,000 கேட்பவருக்கும் உள்ள வித்தியாசம் சொல்லாமலே விளங்கும். இதற்குச் சிட்டா, அடங்கல் நகல்களைத் தை மாதத்திலேயே வாங்கிவைக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர்கள் அவற்றைப் பங்குனி நெருக்கடிக்கு முன் கொடுத்துதவினால் பல கிணற்று வேலைகள் பருவம் தவறாமல் நடக்கும்.

பங்குக் கிணறாக இருந்தால் கஷ்டம் அதிகம். மூன்று பங்காளிகளில் இருவர் தொகை சேர்த்து ஒருவர் தவறினால் வேலை நின்றுவிடும். இறைப்பு முறை எந்தப் பங்கின்படி நடக்கிறதோ அதே பங்கின்படி செலவையும் பிரித்து, இருவர் கையொப்பம் இல்லாமல் பணம் எடுக்க முடியாத கூட்டுக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, மேலே சொன்ன நான்கு குறிகளிலும் பங்காளிகள் கூடிக் கணக்குப் பார்க்க வேண்டும். தவறிய பங்காளிக்காக மற்றவர்கள் பணம் போட்டால், அது கடனா, புதிதாக ஊறும் நீரில் அவருடைய முறை குறையுமா என்பதை முதல் ஆனியிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவது நன்று. வேலை நடக்கும்போது பேசினால் சச்சரவுதான் மிஞ்சும்.

மாசியில் ஒப்பந்தம் எழுதும்போது முன்பணம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மீதியை வேலையின் அளவுக்கு ஏற்பக் கொடுக்கலாம். அளவு எடுப்பதற்கு, வேலை தொடங்குமுன் கிணற்றுச் சுவரில் அசையாத கல் ஒன்றில் உளியால் குறி வெட்டி, அங்கிருந்து அடித்தளம் வரை நூல்விட்டு அளந்த அடியை ஒப்பந்தக்காரர் முன்னிலையில் எழுதிக்கொள்ள வேண்டும். வட்டத்தின் நடுவிலும் நான்கு ஓரங்களிலுமாக ஐந்து இடத்தில் அளந்து சராசரி எடுப்பது முறை. நடுவில் மாத்திரம் குழியாக வெட்டி ஓரங்களில் பாறையை விட்டுவைத்தால், நூல் 10 அடி காட்டினாலும் கிணறு 10 அடி இறங்கியிராது. ஐந்தடி இறங்கியதும் ஒருமுறை இவ்வாறு அளந்து பாதிக் கூலியும், பத்தடி முடிந்து அடித்தளத்தில் உதிர்ந்த கல் எல்லாம் மேலேறிய பின் மறுபடி அளந்து மீதியும் கொடுத்துக் கணக்கை முடிக்கலாம்.